ரெண்டாவது ராத்திரி: பால் போதலையோன்னு தோணும்போது

கேள்வி: எனக்கு இது எட்டாவது மாசம். முதல் குழந்தை. போன வருஷம் என் அக்காவுக்குக் குழந்தை பிறந்தப்போ, ரெண்டாவது ராத்திரி பூரா அது அழுதுக்கிட்டே இருந்தது. மார்ல பாலே இல்லைன்னு சொல்லி வீட்ல பவுடர் பால் வாங்கிக் கொடுத்தாங்க. அப்புறம் ரெண்டு மூணு வாரத்துல அக்காவுக்குப் பால் சுரக்கிறதே குறைஞ்சுபோச்சு. எனக்கும் அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கு. பாட்டில்னா எவ்வளவு குடிச்சதுன்னு பார்த்தாலே தெரியும். தாய்ப்பால் போதுமா போதலையான்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? குழந்தை பிறந்ததும் சேனை வைக்கணும்னு மாமியார் வேற சொல்றாங்க.
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில் (பிரசவ வார்டில் பணிபுரியும் மூத்த செவிலியர்): நீங்க கேட்டது ரொம்பச் சரியான கேள்விம்மா. அதுவும் பிரசவத்துக்கு முன்னாடியே கேட்டுட்டீங்க. அந்த ரெண்டாவது ராத்திரி ஏன் அப்படி இருக்குன்னு முன்கூட்டியே தெரிஞ்சுட்டா, அன்னைக்கு நீங்க பதற மாட்டீங்க.

குழந்தை பிறந்த முதல் நாள் பெரும்பாலும் தூங்கும். பிறந்த கொஞ்ச நேரம் நல்லா முழிச்சிருக்கும், அப்போ மார்ல போட்டா குடிக்கும், அப்புறம் அசந்து தூங்கிடும். வீட்ல எல்லாரும் "சமத்துக் குழந்தை"ன்னு சொல்லிக்கிட்டு இருப்பாங்க. ரெண்டாவது நாள் சாயங்காலத்துக்கு மேல பார்த்தா, அதே குழந்தை அரை மணிக்கு ஒரு தடவை மார் கேட்கும். குடிக்கும், கண்ணை மூடும், கீழே போட்டதும் முழிச்சு அழும். ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி வரைக்கும் இது நடக்கும். எங்க வார்டுல எல்லாக் கட்டில்லயும் இதே கதைதான்.

உங்க உடம்புல அப்போ என்ன நடக்குதுன்னு சொல்றேன். கர்ப்பமா இருக்கும்போதே சீம்பால் மார்ல ஊற ஆரம்பிச்சிடும். ஆனா நிறையச் சுரக்காதபடி நஞ்சுக்கொடியில இருந்து வர்ற ஹார்மோன் அதைப் பிடிச்சு வைக்குது. பிரசவத்துல நஞ்சு வெளியே வந்த பிறகு அந்த ஹார்மோன் குறையும். அது குறைஞ்சு, பால் பெருகி வர்றதுக்கு ரெண்டு நாள்ல இருந்து நாலு நாள் வரைக்கும் ஆகும். அதுவரைக்கும் குழந்தைக்குக் கிடைக்கிறது சீம்பால்தான். முதல் நாள் ஒரு தடவைக்கு 2-ல இருந்து 10 மில்லி வரைக்கும்தான் வரும். ஒரு டீஸ்பூனே 5 மில்லி, பார்த்துக்கோங்க. ரெண்டாவது நாள் 5-ல இருந்து 15 மில்லி. மூணாவது நாள் 15-ல இருந்து 30, நாலாவது நாள் 30-ல இருந்து 60 மில்லின்னு ஏறிக்கிட்டே போகும். குழந்தையோட வயிறும் அதே வேகத்துலதான் பெருசாகுது. அதனால முதல் நாள் மாரை அழுத்திப் பார்த்து, ரெண்டு சொட்டு மஞ்சளா வந்ததும் "பாலே இல்லை"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அன்னைக்கு வர வேண்டியது அவ்வளவுதான். குழந்தைக்கு நோய் எதிர்ப்பு சக்தி தர்ற பொருள் அந்தக் கொஞ்சத்துலதான் செறிவா இருக்கு.

இப்போ அந்த ரெண்டாவது ராத்திரிக்கு வருவோம். குழந்தை அடிக்கடி வாய் வச்சு இழுக்குது பாருங்க, அந்த இழுப்புதான் "இன்னும் சுர"ன்னு உடம்புக்குப் போற செய்தி. அந்த நேரத்துல 30 மில்லி பவுடர் பாலைக் கொடுத்தா என்ன ஆகும்? அது செரிக்க நேரம் ஆகும், குழந்தை மூணு நாலு மணி நேரம் தூங்கிடும். வீட்ல எல்லாருக்கும் நிம்மதி. ஆனா அந்த நாலு மணி நேரமும் மாருக்கு எந்தச் செய்தியும் போகலை. மறுநாளும் அப்படியே, அதுக்கு மறுநாளும் அப்படியே. பால் எடுக்கப்படாம மார்லயே தேங்கினா, இது போதும்போலன்னு உடம்பு சுரப்பைக் குறைச்சுக்கும். உங்க அக்காவை நான் பார்க்கலை. ஆனா இந்த மாதிரி வந்த அம்மாக்கள்கிட்ட விசாரிச்சா, பெரும்பாலும் இந்த வரிசையிலதான் நடந்திருக்கும். அவங்க மேல ஒரு தப்பும் இல்லைம்மா. அந்த ராத்திரி பக்கத்துல உட்கார்ந்து இதைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அன்னைக்கு நீங்க செய்ய வேண்டியது இதுதான். குழந்தையோட துணியை எடுத்துட்டு, லங்கோட்டோட மட்டும் உங்க நெஞ்சு மேல தோலோட தோல் படுற மாதிரி போட்டுக்கோங்க. மேல ஒரு போர்வை போதும். கேட்கும்போதெல்லாம் கொடுங்க. ஒரு பக்கம் குடிச்சு முடிச்சதும் அடுத்த பக்கம் போடுங்க. கடிகாரத்தைப் பார்க்காதீங்க. 24 மணி நேரத்துல 8-ல இருந்து 12 தடவை குடிக்கிறது சாதாரணம், அன்னைக்கு அதுக்கு மேலயும் போகலாம். உங்க அம்மாவோ, வீட்டுக்காரரோ, ஒருத்தர் முழிச்சிருந்து நீங்க அசந்தா குழந்தையை வாங்கிக்கணும். இதை இப்பவே பேசி வச்சுக்கோங்க. சாய்ஞ்சு உட்கார்ந்துக்கிட்டு குழந்தையை நெஞ்சுல வச்சபடியே தூங்கிடக் கூடாது, அது ஆபத்து.

கேள்வி: சரியாக் குடிக்குதான்னு எப்படித் தெரியும்? காம்பு புண்ணாயிடும்னு எல்லாரும் சொல்றாங்களே?

பதில்: புண்ணாகணும்னு ஒரு விதியும் இல்லை. பெரும்பாலும் குழந்தை காம்பை மட்டும் கவ்வினாத்தான் புண்ணாகும். காம்பைச் சுத்தி இருக்கிற கருவட்டமும் வாய்க்குள்ள போகணும். பால் வர்ற குழாய்கள் அங்கதான் அமுங்குது. காம்பை மட்டும் சப்பினா உங்களுக்கும் வலி, குழந்தைக்கும் பால் வராது.

முதல்ல நீங்க முதுகைச் சாய்ச்சு வசதியா உட்காருங்க. குழந்தையை உங்ககிட்ட கொண்டு வாங்க, நீங்க குனிஞ்சு போகாதீங்க. குழந்தையோட முகம் மட்டும் இல்லை, வயிறும் உங்களைப் பார்த்துத் திரும்பி, உங்க வயித்தோட ஒட்டி இருக்கணும். காது, தோள், இடுப்பு மூணும் ஒரே நேர்ல வரணும். கழுத்தைத் திருப்பிக்கிட்டு நம்மளே தண்ணி குடிக்க முடியுமா? காம்பால குழந்தையோட மேல் உதட்டைத் தொடுங்க. வாயைப் பெருசாத் திறக்கும். அந்த நொடியில குழந்தையை மாரோட அணைச்சுக்கோங்க, தாடை முதல்ல படுற மாதிரி.

சரியாப் பிடிச்சிருந்தா தாடை மார்ல அழுந்தி இருக்கும், வாய் நல்லா விரிஞ்சிருக்கும், கீழ் உதடு வெளியே மடிஞ்சிருக்கும், கருவட்டம் மேல் பக்கம்தான் கொஞ்சம் தெரியும். முதல்ல வேகவேகமாச் சப்பும், அப்புறம் நிதானமா இழுத்து, ஒரு நிறுத்தம், முழுங்குற சத்தம். அந்தச் சத்தம் கேட்டுட்டா நிம்மதியா இருங்க. முதல் சில நொடி சுருக்குன்னு இருக்கலாம். அதுக்கு மேலயும் வலிச்சா பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்காதீங்க. சுத்தமான சுண்டு விரலைக் குழந்தையோட வாய் ஓரத்துல விட்டு, பிடியைத் தளர்த்தி எடுத்துட்டு மறுபடி வைங்க. பத்துத் தடவை எடுத்து வைக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: ஆனாலும் போதுமான அளவு உள்ளே போச்சான்னு எப்படி உறுதியா நம்புறது?

பதில்: உள்ளே போனதை அளக்க முடியாதும்மா, வெளியே வர்றதை எண்ணலாம். முதல் நாள் ஒரு தடவை மூத்திரம் போனாலே போதும். ரெண்டாவது நாள் ரெண்டு, மூணாவது நாள் மூணு. அஞ்சாவது நாள்ல இருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாம போகணும், நிறமில்லாம தெளிவா இருக்கணும். மலம் முதல் ரெண்டு நாள் கறுப்பா, ஒட்டிக்கிட்டு வரும். மூணாவது நாள் பச்சை கலந்து மாறும். நாலு அஞ்சு நாள்ல மஞ்சளா, இளகி வரும். கறுப்புல இருந்து மஞ்சளுக்கு மாறிட்டாலே பால் உள்ளே போகுதுன்னு அர்த்தம். இதுக்காகத்தான் முதல் வாரம் பழைய பருத்தித் துணியைக் கட்டச் சொல்றேன். டயப்பர் ஈரத்தை உறிஞ்சிடும், எத்தனை தடவை போச்சுன்னே தெரியாது. முதல் ரெண்டு மூணு நாள்ல துணியில ஆரஞ்சு நிறத்துல கறை தெரிஞ்சா ரத்தம்னு பயந்துடாதீங்க, அது மூத்திரத்துல வர்ற உப்பு. ஆனா நாலு அஞ்சு நாளுக்கு அப்புறமும் அது வந்தா, பால் பத்தலைன்னு எடுத்துக்கிட்டுக் காட்டணும்.

அடுத்தது எடை. பிறந்த எடையில இருந்து முதல் சில நாள் கொஞ்சம் இறங்குறது எல்லாக் குழந்தைக்கும் உண்டு. 100-க்கு 7 பங்கு வரைக்கும் இறங்கினா கவலைப்பட மாட்டோம். 7-ஐத் தாண்டினா பால் கொடுக்கிறதைப் பக்கத்துல உட்கார்ந்து கவனிப்போம். 10-ஐத் தொட்டா டாக்டர் பார்த்தே ஆகணும்.

எங்ககிட்ட இருந்த ஒரு அம்மாவைச் சொல்றேன். முதல் பிரசவம், சிசேரியன். குழந்தை பிறந்தப்போ 3 கிலோ. மூணாவது நாள் எடை போட்டா 2 கிலோ 720. அதாவது 280 கிராம் இறங்கியிருக்கு, 100-க்கு 9 பங்குக்கு மேல. முந்தின 24 மணி நேரத்துல ஒரே ஒரு தடவைதான் மூத்திரம், மலம் இன்னும் கறுப்பாவே இருக்கு. அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே, "எனக்குப் பாலே வராது சிஸ்டர், பவுடர் எழுதிக் கொடுத்துடுங்க"ன்னு சொல்லிச்சு. டாக்டர் குழந்தையைப் பார்த்தார், சர்க்கரை அளவு, மஞ்சள் காமாலை ரெண்டும் சோதிச்சார். ரெண்டும் சரியா இருந்தது. அப்புறம் பால் கொடுக்கும்போது நான் கூட உட்கார்ந்தேன். தையல் வலிக்குப் பயந்து அந்தப் பொண்ணு குழந்தையைத் தள்ளித் தள்ளிப் பிடிச்சிருந்தது. குழந்தை வாய்க்குள்ள காம்பு மட்டும்தான். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, முதுகுக்கு ஒரு தலகாணி கொடுத்து, குழந்தையை ஒட்டிப் படுக்க வச்சோம். ரெண்டு மூணு தடவை எடுத்து எடுத்து வச்ச பிறகு பிடிச்சுது, முழுங்குற சத்தமும் வந்தது. ஒவ்வொரு தடவை கொடுத்து முடிச்சதும் கையால பீச்சி, கிடைச்சதைப் பாலாடையில ஊட்டினோம். முதல் தடவை 8 மில்லி, ராத்திரிக்குள்ள ஒரு தடவைக்கு 20 மில்லி வந்தது. மறுநாள் மார் கனத்தது. அஞ்சாவது நாள் எடை 2 கிலோ 760, மலம் மஞ்சள். பன்னிரண்டாவது நாள் காட்ட வந்தப்போ 3 கிலோ. பத்துல இருந்து பதினாலு நாளைக்குள்ள பிறந்த எடை திரும்பி வரணும், அப்புறம் ஒரு நாளைக்கு 20-ல இருந்து 30 கிராம் ஏறினா போதும். அந்தக் குழந்தை சரியா அந்த வழியிலதான் போச்சு.

அன்னைக்கு சர்க்கரை குறைஞ்சிருந்தா, இல்லை எடை இன்னும் இறங்கியிருந்தா, டாக்டர் வேற பால் கொடுக்கச் சொல்லியிருப்பார். நானும் மறுபேச்சு பேசாம கொடுத்திருப்பேன். குறைமாசக் குழந்தைக்கும், சில நோய்களுக்கும் அது தேவைப்படலாம். அப்படி வந்தா அதை மருந்து மாதிரி அளவோட, பாலாடையில கொடுத்துட்டு, நீங்க பீச்சுறதை நிறுத்தாம இருங்க. டாக்டர் சொல்லாம, அழுதுதுங்கிறதுக்காக மட்டும் டப்பாவைத் திறக்காதீங்க. பவுடர் பால் விளம்பரமும், ஆஸ்பத்திரியில இலவசமா டப்பா கொடுக்கிறதும் 1992-லயே சட்டம் போட்டுத் தடுக்கப்பட்டதுங்கிறதையும் வீட்ல சொல்லுங்க.

அழுகையை வச்சுப் பால் பத்தலைன்னு முடிவு கட்டவே கூடாதும்மா. ஈரத்துக்கும் அழும், உஷ்ணத்துக்கும் அழும், சும்மா அணைப்புக்கும் அழும். பசின்னா அழறதுக்கு முன்னாடியே வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடும், கையை வாய்க்குக் கொண்டு போகும். அப்பவே கொடுத்துட்டா பிடிக்கிறதும் சுலபம்.

கேள்வி: மூணாவது நாள் பால் கட்டிக்கிட்டு ரொம்ப வலிக்கும்னு சொல்றாங்களே?

பதில்: பால் பெருகி வர்ற நாள்ல மார் கனமா, சூடா ஆகும். அடிக்கடி குடிச்சுக்கிட்டு இருந்தா பெரும்பாலும் கல்லு மாதிரி ஆகாது. ஆயிட்டா, கருவட்டமும் இறுகி, குழந்தையால கவ்வ முடியாம போகும். வெதுவெதுப்பான துணியை ரெண்டு நிமிஷம் வச்சுட்டு, கருவட்டம் இளகுற அளவுக்கு மட்டும் கையால பீச்சிட்டுக் கொடுங்க. கொடுத்து முடிச்சதும் குளிர்ந்த துணி வச்சா வீக்கம் வத்தும். ஒரு இடம் மட்டும் சிவந்து கெட்டியாகி, குளிர் ஜுரம் வந்தா டாக்டர்கிட்ட போங்க. அப்பவும் அந்தப் பக்கம் பால் கொடுக்கிறதை நிறுத்தக் கூடாது.

கேள்வி: சேனை பத்தி மாமியார்கிட்ட என்ன சொல்ல?

பதில்: தேன், சர்க்கரைத் தண்ணி, கழுதைப்பால், கிரைப் வாட்டர், உரைமருந்து, எதுவும் வேண்டாம். ஆறு மாசம் முடியுற வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணிகூடத் தேவையில்லை. நம்ம ஊர் வெயில்லயும் தேவையில்லை, பால்ல பெரும்பகுதி தண்ணிதான். டாக்டர் எழுதிக் கொடுக்கிற வைட்டமின் டி சொட்டு மருந்து மட்டும் கொடுக்கலாம். தேன்ல இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தையோட நரம்பைப் பாதிக்கும். சர்க்கரைத் தண்ணி வயித்தை நிரப்பி, சீம்பால் குடிக்க விடாது.

ஆனா அவங்க மனசு நோகாம சொல்லணும். சேனையில அவங்க ஆசைப்படுறது, குடும்பத்துல மூத்தவங்களோட ஆசீர்வாதம் குழந்தைக்கு முதல்ல கிடைக்கணும்னுதான். "அத்தை, நீங்கதான் முதல்ல குழந்தையை வாங்கணும், என்கிட்ட பால் குடிக்க வைக்கிறதும் உங்க கையாலதான் நடக்கணும்"னு இப்பவே கேட்டுப் பாருங்க. எங்க வார்டுல இப்படிக் கேட்ட பிறகு, சீம்பாலைப் பீச்சிக் கொட்டாதேன்னு மருமகளுக்காகச் சண்டை போட்ட மாமியார்களையே பார்த்திருக்கேன். அதே மூச்சுல, உங்களுக்குத் தண்ணியைக் குறைச்சுக் கொடுக்கிற பத்தியமும் வேண்டாம்னு சொல்லிடுங்க. தாகத்துக்கு நல்லாக் குடிக்கணும், வயிறாரச் சாப்பிடணும்.

கேள்வி: எப்போ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

பதில்: குடிச்சுக்கிட்டு இருந்த குழந்தை குடிக்க மறுத்தா, எழுப்பியும் எழுந்திரிக்காம துவண்டு கிடந்தா, உடம்பு சுட்டாலோ கை கால் சில்லுன்னு இருந்தாலோ, மூச்சு வேகமா வாங்கி நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தா, வலிப்பு வந்தா காத்திருக்காதீங்க, 108-க்குக் கூப்பிடுங்க. பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளயே மஞ்சள் தெரிஞ்சாலும், அப்புறம் உள்ளங்கை, உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள் இறங்கினாலும் அன்னைக்கே காட்டணும். வெயில்ல காட்டினா சரியாயிடும்னு வீட்ல வச்சிருக்கக் கூடாது. தொப்புளைச் சுத்திச் சிவந்து சீழ் வச்சாலும் அப்படித்தான். தொப்புள் மேல மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் போடாம காய விடுங்க.

கேள்வி: பிரசவத்துக்கு முன்னாடி இந்த ஒரு மாசத்துல நான் என்ன செய்யலாம்?

பதில்: அடுத்த செக்கப்புக்குப் போகும்போது காம்பு உள்ளே அமுங்கி இருக்கான்னு நர்ஸ்கிட்ட காட்டிக் கேளுங்க. அமுங்கி இருந்தாலும் பெரும்பாலும் கொடுக்க முடியும், முதல் நாள் கூட ஒருத்தர் உதவி செய்யணும், அவ்வளவுதான். சர்க்கரை, தைராய்டு, மார்ல முன்னாடி ஆபரேஷன், இதுல எது இருந்தாலும் சொல்லுங்க, பால் பெருக ஒரு நாள் ரெண்டு நாள் கூடலாம், முன்கூட்டியே கவனிப்பாங்க. காம்பைத் தேய்க்கிறது, இழுக்கிறது எதுவும் வேண்டாம். சுகப்பிரசவமோ சிசேரியனோ, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள குழந்தையை நெஞ்சுல போடச் சொல்லிக் கேட்டு வைங்க. நாலஞ்சு பழைய பருத்தி வேட்டியைத் துவைச்சு, வெயில்ல காய வச்சு, கிழிச்சுப் பையில வைங்க. கூட ஒரு பாலாடையும், மூத்திரம் மலம் குறிச்சு வைக்க ஒரு சின்ன நோட்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போது குழந்தையோட எடையை அந்த நோட்டுல எழுதி வாங்கிக்கோங்க. வீட்டுக்கு வர்ற கிராம சுகாதார நர்ஸ் எடை போடும்போது அதைத்தான் முதல்ல கேட்பாங்க.